லேபிளில் 7.5, பாட்டிலில் 1.5: கிருமிநாசினி லேபிள் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிருமிநாசினி தயாரிக்கும் நிறுவனங்களில் லேபிள் வாசகத்தை எழுதுகிற, சரிபார்க்கிற, கையெழுத்துப் போடுகிற எல்லோருக்கும்,

வணக்கம். நான் ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருக்கிறேன். நீங்கள் அனுப்பும் ஐந்து லிட்டர் கேன்களையும் ஒரு லிட்டர் பாட்டில்களையும் ஸ்டோரில் இறக்கி, இண்டென்ட் பார்த்து வார்டுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. வார்டில் அதை யார் எப்படிக் கலக்குகிறார்கள் என்பது ஏட்டளவில் என் வேலை இல்லை. ஆனால் கணக்கு இடித்தால் போன் எனக்குத்தான் வரும்.

இப்போது எழுதக் காரணம் ஒரே ஒரு வரி. குளோர்ஹெக்சிடினும் செட்ரிமைடும் சேர்ந்த கான்சன்ட்ரேட் பாட்டில்களில் பலரும் அச்சடிக்கிற வரி: "குளோர்ஹெக்சிடின் குளுகோனேட் சொல்யூஷன் ஐ.பி. 7.5% வி பை வி". அதற்குக் கீழேயே "செட்ரிமைடு 15% டபிள்யூ பை வி" என்று இன்னொரு வரி. இரண்டும் சதவீதம்தான். ஆனால் இரண்டும் ஒரே சதவீதம் இல்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் டிரஸ்ஸிங் ரூமுக்கு அழுக்கான புண்களைக் கழுவ 0.05% குளோர்ஹெக்சிடின் லோஷன் தினமும் ஒரு லிட்டர் வேண்டும். பல வருடமாக ஒரே கம்பெனிப் பாட்டில் வந்தது. அதன் லேபிளில் "குளோர்ஹெக்சிடின் குளுகோனேட் 1.5% டபிள்யூ பை வி" என்று இருந்தது. 33 மி.லி. எடுத்து ஒரு லிட்டர் ஆக்குவது எல்லோருக்கும் கைப்பழக்கம். பிறகு ஒப்பந்தம் மாறியது, வேறு கம்பெனிப் பாட்டில் வந்தது, அதில்தான் அந்த 7.5. புதிதாகச் சேர்ந்திருந்த சிஸ்டர் ஒருவர் பொறுப்பானவர். பழைய பழக்கத்தை நம்பாமல், லேபிளைப் பார்த்துத் தாளில் கணக்குப் போட்டார். 7.5% என்றால் ஒரு மி.லி.யில் 75 மி.கி. 0.05% என்றால் ஒரு மி.லி.யில் 0.5 மி.கி. ஒரு லிட்டருக்கு 500 மி.கி. வேண்டும். 500-ஐ 75-ஆல் வகுத்தால் 6.67. சரி, 7 மி.லி. என்று சிரிஞ்சில் உறிஞ்சி, ஒரு லிட்டர் ஆக்கி வைத்தார்.

இதில் ஒரு படி கூட அவருடைய தவறு இல்லை என்பதைக் கவனியுங்கள். சதவீதத்தை மி.கி.யாக மாற்றியது சரி. வகுத்தது சரி. அளந்தது சரி. ஆனால் அந்தப் பாட்டிலில் ஒரு மி.லி.க்கு இருந்தது 75 மி.கி. இல்லை, 15 மி.கி. ஆக அவர் தயாரித்த லிட்டரில் இருந்தது 500 மி.கி.க்குப் பதில் 105 மி.கி. வலிமை 0.05%-க்குப் பதில் ஏறக்குறைய 0.01%. ஐந்தில் ஒரு பங்கு.

கண்டுபிடித்தது நானும் இல்லை, மருத்துவரும் இல்லை. டிரஸ்ஸிங் ரூமில் இருபது வருடமாகத் துணைக்கு நிற்கிற அக்காதான். "என்ன சிஸ்டர், லோஷன் வெளுத்துப் போய் இருக்கு, குலுக்கினா நுரையும் காணோம்" என்றார். அந்தக் கான்சன்ட்ரேட்டில் நிறம் சேர்த்திருக்கிறார்கள். செட்ரிமைடு சோப்பைப் போல நுரைக்கும் பொருள். 33 மி.லி. போட்ட லோஷனுக்கு ஒரு நிறம் உண்டு, ஒரு நுரை உண்டு. 7 மி.லி. போட்டால் இரண்டும் இளைத்துவிடும். இருபது வருடக் கண் அதைப் பிடித்துவிட்டது. ஆனால் நிறமே இல்லாத பாட்டிலாக இருந்திருந்தால் எந்தக் கண்ணும் பிடித்திருக்காது.

அந்த 75 எப்படி 15 ஆகிறது? உங்களுக்குத் தெரியும். ஆனாலும் இந்த மடலை வார்டில் இருப்பவர்களும் படிப்பார்கள், அதனால் விரித்தே சொல்கிறேன்.

டபிள்யூ பை வி என்றால் நூறு மி.லி. கரைசலில் இத்தனை கிராம் பொருள். 1% என்றால் நூறு மி.லி.யில் ஒரு கிராம், அதாவது ஆயிரம் மி.கி. நூறு மி.லி.யில் ஆயிரம் என்றால் ஒரு மி.லி.யில் பத்து. அதனால் சதவீத எண்ணைப் பத்தால் பெருக்கினால் மி.கி./மி.லி. வந்துவிடும். 15% செட்ரிமைடு என்றால் 150 மி.கி./மி.லி. இதில் சிக்கல் இல்லை.

வி பை வி என்றால் நூறு மி.லி.யில் இத்தனை மி.லி. ஒரு திரவம். உங்கள் லேபிள் சொல்வது என்ன? நூறு மி.லி. கான்சன்ட்ரேட்டில் 7.5 மி.லி. "குளோர்ஹெக்சிடின் குளுகோனேட் சொல்யூஷன் ஐ.பி." இருக்கிறது என்று. அந்த "சொல்யூஷன்" என்ற சொல்லில்தான் முழு விஷயமும் இருக்கிறது. ஐ.பி. என்கிற இந்திய மருந்து நூலில் அந்தப் பெயருக்கு ஒரு திட்டமான பொருள் உண்டு: அதுவே 20% டபிள்யூ பை வி கரைசல். அதாவது நீங்கள் வாங்கும் மூலப்பொருளே ஏற்கெனவே ஐந்தில் ஒரு பங்குதான் மருந்து, மீதி பெரும்பாலும் தண்ணீர். அதன் ஒரு மி.லி.யில் 200 மி.கி. 7.5 மி.லி.யில் 1500 மி.கி. அது நூறு மி.லி.யில் பரவினால் ஒரு மி.லி.க்கு 15 மி.கி. பழைய கம்பெனி 1.5% என்று எழுதியதும் இதையேதான். சரக்கு ஒன்று, பெயர் சொல்லும் விதம் இரண்டு.

இந்த ஐந்து மடங்கு வித்தியாசம் கை கழுவும் ஆல்கஹால் ரப் பாட்டில்களிலும் இருக்கிறது. அங்கே "சொல்யூஷன் 2.5% வி பை வி" என்று போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "0.5% டபிள்யூ பை விக்குச் சமம்" என்று எழுதுகிறீர்கள். அதை யாரும் நீர்க்கச் செய்வதில்லை, அப்படியே கையில் ஊற்றித் தேய்க்கிறார்கள். அதனால் அங்கே யாருக்கும் கெடுதல் இல்லை. கான்சன்ட்ரேட் அப்படி அல்ல. அது கலக்குவதற்கென்றே விற்கிற பொருள். கணக்குப் போட்டே தீர வேண்டிய பாட்டிலில்தான் கணக்குக்கு உதவாத எண் பெரிய எழுத்தில் இருக்கிறது.

பலவீனமான லோஷன்தானே, கொஞ்சம் குறைந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. குளோர்ஹெக்சிடினும் செட்ரிமைடும் வலிமை குறைந்தால் வெறுமனே வேலை செய்யாமல் இருந்துவிடுவதோடு முடிவதில்லை. நீர்த்துப்போன கரைசலில் சூடோமோனாஸ், பர்கோல்டேரியா போன்ற பாக்டீரியாக்கள் சாகாமல் உயிர்வாழும், சில சமயம் பெருகவும் செய்யும். லோஷன் பாட்டிலில் மிச்சம் இருப்பதன் மேலேயே புதிதாக ஊற்றி நிரப்பும் பழக்கம் இருக்கிற இடத்தில் இது இன்னும் மோசம். புண்ணைக் கழுவ எடுக்கிற பாட்டிலே கிருமியைக் கொண்டுவந்து விடும்.

இனி, அந்தப் பத்தால் பெருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தவறு இல்லை, ஆனால் உங்களால் தடுக்க முடிகிற தவறு.

பயிற்சிக்கு வருகிற மாணவர்களிடம் "1% என்றால் ஒரு மி.லி.யில் எவ்வளவு?" என்று கேட்பேன். நிறையப் பேர் தயங்காமல் "1 மி.கி., சார்" என்பார்கள். படித்தவர்கள், தேர்வில் தேறியவர்கள். இவ்வளவு பெரிய தவறு எப்படி இத்தனை காலம் மாட்டாமல் இருந்தது என்று முதலில் ஆச்சரியமாக இருந்தது. பிறகுதான் புரிந்தது. இரண்டு பக்கமும் சதவீதமாக இருக்கும் வரை இந்தத் தவறு தன்னைத்தானே மறைத்துக்கொள்ளும்.

20% கரைசலிலிருந்து 0.05% லோஷன் வேண்டும் என்று வையுங்கள். சரியான கணக்கு: 200-ஐ 0.5-ஆல் வகுத்தால் 400. அதாவது 400 மடங்கு நீர்க்க வேண்டும், லிட்டருக்கு 2.5 மி.லி. தவறாக 1% என்றால் 1 மி.கி. என்று நம்புகிறவர் 20-ஐ 0.05-ஆல் வகுப்பார். அதுவும் 400. அவருக்கும் 2.5 மி.லி.தான் வரும். மேலே ஒரு பத்து, கீழே ஒரு பத்து, இரண்டும் அடிபட்டுப் போகும். விடை சரியாக வருவதால் நம்பிக்கையும் சரி என்று தோன்றும். இப்படியே பத்து வருடம் ஓடும்.

ஒரு நாள் ஒரு பக்கம் சதவீதமும் மறுபக்கம் மி.கி.யும் வரும். அன்றைக்கு அது மாட்டும், நோயாளியின் மேல். நான் மாணவர்களுக்குக் கொடுக்கிற ஒரு பயிற்சிக் கணக்கு இது. கையில் 20% குளோர்ஹெக்சிடின். வேண்டியது சிறுநீர்ப்பையைக் கழுவ 0.2 மி.கி./மி.லி. கரைசல் ஒரு லிட்டர். (இப்போது அப்படிக் கழுவுவது குறைந்துவிட்டது, கணக்குக்காக வைத்திருக்கிறேன்.) ஒரு லிட்டருக்கு 200 மி.கி. வேண்டும். கையில் இருப்பது ஒரு மி.லி.க்கு 200 மி.கி. ஆக ஒரு மி.லி. போதும். ஆனால் 20% என்றால் 20 மி.கி./மி.லி. என்று நினைக்கிறவர் 10 மி.லி. எடுப்பார். கரைசல் 2 மி.கி./மி.லி. ஆகிவிடும், அதாவது 0.2%. அது வாய் கொப்பளிக்கும் மருந்தின் வலிமை. வாய்க்குள் அது சாதாரணம். சிறுநீர்ப்பையின் உட்சவ்வுக்கு அது எரிச்சல், சிறுநீரில் ரத்தம். 0.2 என்ற எண் இரண்டு இடத்திலும் இருப்பதால் கரைசலைப் பார்த்துக்கூடச் சந்தேகம் வராது. "0.2 தானே கேட்டாங்க, 0.2 தானே இருக்கு" என்பார்கள். அலகைச் சொல்லாத 0.2.

லேபிளில் நீங்களே மி.கி./மி.லி. போட்டுவிட்டால் பத்தால் பெருக்க வேண்டியவர் யாரும் இல்லை, பெருக்க மறக்கிறவரும் இல்லை. ஊசி மருந்துகளில் இதைத்தானே செய்கிறீர்கள்? அமெரிக்காவில் 1:1000 என்று விகிதமாக எழுதி வந்த எபிநெஃப்ரின் ஊசி மருந்து லேபிளை, குழப்பம் வருகிறது என்பதற்காகவே 2016-இல் 1 மி.கி./மி.லி. என்று மாற்றினார்கள். ஊசிக்குச் செய்ததைக் கழுவும் மருந்துக்கும் செய்ய என்ன தடை?

எல்லாச் சதவீதத்தையும் பத்தால் பெருக்கிவிடலாம் என்று நான் சொல்லவில்லை என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் உங்களில் ஒருவர் எனக்குப் பாடம் எடுப்பார். 70% ஸ்பிரிட் என்பது வி பை வி. எத்தில் ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது, ஒரு மி.லி. ஏறக்குறைய 0.79 கிராம்தான். அதனால் 70% ஸ்பிரிட்டில் ஒரு மி.லி.க்கு 700 மி.கி. ஆல்கஹால் இல்லை, 552 பக்கம்தான் வரும். ஆல்கஹாலை எல்லோரும் மி.லி. கணக்கிலேயே கலக்குவதால் அதை மி.கி.யாக மாற்ற வேண்டிய தேவையே இல்லை, மாற்றாமல் விட்டுவிடுவது நல்லது. ஹைப்போகுளோரைட் திரவத்துக்கு லேபிளில் எந்த எண் போட்டாலும் அது பாட்டில் அடைத்த நாளுக்குத்தான் பொருந்தும், வெயிலிலும் சூட்டிலும் குளோரின் குறைந்துகொண்டே வரும். அது வேறு சண்டை, அதற்குத் தனி மடல் போட வேண்டும்.

போவிடோன் அயோடினைப் பற்றி மட்டும் ஒரு பாராட்டு. 10% என்று போட்டு, அதற்குக் கீழே "கிடைக்கும் அயோடின் 1%" என்று சேர்த்து எழுதுகிறீர்கள். ஒரு மி.லி.யில் பொருள் 100 மி.கி., வேலை செய்கிற அயோடின் 10 மி.கி. என்று யாரும் புரிந்துகொள்ளலாம். பச்சைக் குழந்தைகளின் தொப்புளுக்கு உலக சுகாதார அமைப்பு சொல்கிற குளோர்ஹெக்சிடின் ஜெல்லும் அப்படித்தான்: 7.1% டைகுளுகோனேட், அது 4% குளோர்ஹெக்சிடினுக்குச் சமம் என்று இரண்டு எண்ணும் சேர்ந்தே வரும். டைகுளுகோனேட் என்பது குளோர்ஹெக்சிடினின் உப்பு வடிவம், அந்த உப்பின் எடையில் குளுகோனேட் பாதிக்குக் கொஞ்சம் கீழே எடுத்துக்கொள்வதால் இந்த வித்தியாசம். ஆக "இதற்குச் சமம்" என்று எழுதுவது உங்களுக்குப் புதிதும் இல்லை, முடியாததும் இல்லை.

உங்கள் பதில் என்னவாக இருக்கும் என்று ஓரளவு ஊகிக்கிறேன். மருந்து நூலில் உள்ள பெயரையே போட வேண்டும், உரிமத்தில் இருக்கிற வாசகத்தை மாற்ற முடியாது என்பீர்கள். மாற்ற வேண்டாம். 7.5% வி பை வி அங்கேயே இருக்கட்டும். அதற்குச் சமமான 1.5% டபிள்யூ பை வி என்பதை விடாமல் எல்லோரும் எழுதுங்கள். ஏற்கெனவே எழுதுகிறவர்கள் அதை லென்ஸ் வைத்துப் படிக்கும் அளவில் எழுதாதீர்கள். அதோடு "ஒரு மி.லி.யில் 15 மி.கி." என்று ஒரு வரி, பெரிதாக. இதுதான் நான் கேட்பது.

"நீர்க்கும் முறை" என்று பாட்டிலின் பின்பக்கம் ஒரு கட்டம் போடுகிறீர்களே, அதைப் பற்றியும் ஒன்று. அதில் "1:30" என்று மட்டும் இருக்கிறது. ஒரு பங்கு மருந்தும் முப்பது பங்கு தண்ணீரும் என்று ஒருவர் படிப்பார், மொத்தம் முப்பது பங்கில் ஒரு பங்கு மருந்து என்று இன்னொருவர் படிப்பார். முப்பதில் இந்த வித்தியாசம் சின்னது, விட்டுவிடலாம். ஆனால் அதே பாணியில் இன்னொரு பாட்டிலில் "1:4" என்று போட்டால் ஒருவருக்கு இருபது சதவீதம், மற்றவருக்கு இருபத்தைந்து. "33 மி.லி. எடுத்து, தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டர் ஆக்கவும், கிடைப்பது 0.05%, ஒரு மி.லி.யில் 0.5 மி.கி." என்று எழுதினால் யாருக்கும் இரண்டு விதமாகத் தோன்றாது.

மி.லி. மட்டும் எழுதி வலிமையை விட்டுவிடாதீர்கள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. எங்கள் வார்டுச் சுவரில் வெறும் "33 மி.லி." என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. கான்சன்ட்ரேட் தீர்ந்த ஒரு நாள், ஸ்டோரிலிருந்து அவசரத்துக்கு 20% கரைசல் போனது. அதிலும் யாரோ 33 மி.லி. அளந்துவிட்டார்கள். 6600 மி.கி., அதாவது 0.66%. வேண்டியதைப் போலப் பதின்மூன்று மடங்கு. புண்ணில் ஊற்றுவதற்கு முன்பு மாட்டியது, ஏனென்றால் அவர்கள் போர் தண்ணீரில் கலந்திருந்தார்கள், பாத்திரம் பால் மாதிரி கலங்கிவிட்டது. எங்கள் ஊர்த் தண்ணீர் கடினமானது. அதில் இருக்கிற சல்பேட்டும் கார்பனேட்டும் குளோரைடும் குளோர்ஹெக்சிடினைப் பிடித்துக்கொண்டு அடியில் படியவைக்கும், வலிமை கூடக் கூடச் சீக்கிரம். இப்படி ஒரு தவறு இன்னொரு தவறைக் காட்டிக் கொடுத்தது. கலங்கிய லோஷனில் தாளில் போட்ட கணக்குக்கு அர்த்தமே இல்லை, மருந்து அடியில் கிடக்கிறது. நார்மல் சலைனில் கலந்தாலும் இதே கதை நடக்கலாம். சுத்திகரித்த தண்ணீரில்தான் கலக்க வேண்டும் என்பதையும் அந்தக் கட்டத்துக்குள் ஒரு வரியாகப் போடலாம், இடம் இருக்கிறது. இப்போது அந்த இடத்தில் உங்கள் லோகோ இரண்டாவது தடவை வருகிறது.

அந்த சிஸ்டரிடம் பிறகு பேசினேன். "லேபிளைப் பார்த்துத்தானே சார் போட்டேன்" என்றார். குரலில் கோபம் இருந்தது, என் மேல் இல்லை. நான் அவருக்கு ஒரே ஒரு வழி சொல்லிக் கொடுத்தேன். கணக்குத் தொடங்கும் முன் தாளில் இரண்டு வரி எழுதுங்கள்: பாட்டிலில் ஒரு மி.லி.க்கு எத்தனை மி.கி., லோஷனில் ஒரு மி.லி.க்கு எத்தனை மி.கி. முதல் வரியை எழுதும்போது, "இந்தச் சதவீதம் எதனுடைய சதவீதம், மருந்தா, மருந்துக் கரைசலா?" என்று ஒரு தடவை பாருங்கள். பெயரோடு "சொல்யூஷன்" என்று இருந்து வி பை வி என்றும் இருந்தால் கையை எடுத்துவிட்டு ஸ்டோருக்குப் போன் போடுங்கள். முடித்தபின் திருப்பிப் பெருக்கிப் பாருங்கள்: எடுத்த மி.லி.யை முதல் வரியால் பெருக்கினால் மொத்த மி.கி., அதை லோஷனின் மொத்த மி.லி.யால் வகுத்தால் இரண்டாவது வரி வர வேண்டும். 33 தடவை 15 என்றால் 495. ஆயிரத்தால் வகுத்தால் 0.495. போதும், அது 0.5தான்.

இப்போதைக்கு ஸ்டோரில் ஒரு மாற்று ஏற்பாடு செய்திருக்கிறோம். புதுச் சரக்கு வந்ததும், வார்டுக்கு அனுப்பும் முன்பு, ஒவ்வொரு பாட்டிலிலும் நானும் என் உதவியாளரும் ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். அதில் கையால் எழுதியிருப்பது: "ஒரு மி.லி.யில் குளோர்ஹெக்சிடின் குளுகோனேட் 15 மி.கி., செட்ரிமைடு 150 மி.கி. ஒரு லிட்டர் 0.05% லோஷனுக்கு 33 மி.லி." போன தடவை இரண்டு பெட்டி வந்தது, எழுதி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. ஸ்டிக்கரை உங்கள் 7.5-க்குப் பக்கத்தில்தான் ஒட்டுகிறோம். அதன் மேல் ஒட்டி மறைக்க எங்களுக்கு அனுமதி இல்லை.

இப்படிக்கு,
ஒரு மருத்துவமனை மருந்தாளுநர்